லேபர் ஆபீசர் கடைக்கு வரும்போது: எந்த நோட்டைக் கேட்பார், நீங்கள் என்ன சொல்ல வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். ஆட்களின் வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் என் மேசையில்தான் இருந்தன. அவற்றில் எது உண்மை, எது பொய் என்று எனக்குத் தெரியும், எழுதியதே நான்தான். இப்போது அந்த வேலையில் இல்லை. தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, புதிதாகக் கடை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "லேபர் ஆபீசர் வந்தா நாங்க என்ன சொல்லணும்?"

அதற்குப் பதில் சொல்லும் முன், அவர் கையில் எடுக்கும் நோட்டுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நோட்டுகளில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. ஆபீசர் வருவதற்கு எத்தனையோ மாதம் முன்பே நீங்கள் முதலாளி பக்கச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்பதைப் பலர் உணர்வதில்லை.

முதலில், வருபவர் யார்

வடசென்னையில் ஒரே தெருவில் மூன்று விதமான வேலை நடக்கும். அதற்கேற்ப வரும் அதிகாரியும் மாறுவார். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர் வருவார். துறைமுகத்துக்குள் நடக்கும் வேலை மத்திய அரசின் தொழிலாளர் துறையைச் சேர்ந்தது. கடை, குடோன், ஓட்டல், சின்ன அலுவலகம் என்றால் மாநிலத் தொழிலாளர் துறையின் ஆட்கள்: உதவி ஆய்வாளர், துணை ஆய்வாளர், அவர்களுக்கு மேலே தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). பி.எஃப்., இ.எஸ்.ஐ. அதிகாரிகள் தனி. இந்தக் கட்டுரை கடைகளைப் பற்றியது.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. சம்பளம் தொடர்பானவற்றுக்கு இனி 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்புதான் அடிப்படை. கடையில் வேலை நேரம், வார விடுமுறை, விடுப்பு ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இருக்கிறது. அது மாநிலச் சட்டம், அந்த நான்கில் கரைந்துவிடவில்லை.

அதிகாரி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது முதலாளியின் உரிமை. லேபர் ஆபீஸ் பெயரைச் சொல்லிக் காசு பறிக்க வருபவர்களும் உண்டு என்பதால் கேட்பதே நல்லது.

மேசைமேல் வரும் நோட்டுகள்

பட்டியல் நீளமானது. ஆட்களின் பெயர்ப் பதிவேடு, வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, ஓ.டி. கணக்கு, விடுப்புக் கணக்கு, அபராதம், பிடித்தம், முன்பணம் எழுதியது, சம்பளச் சீட்டின் நகல், கடையில் ஒட்டியிருக்க வேண்டிய வேலைநேர அறிவிப்பு, ஆய்வுக்கு வந்தவர் குறிப்பெழுதும் விசிட் புக். கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் அங்கேயே திறந்து காட்ட வேண்டும். "ஆடிட்டரிடம் இருக்கு" என்பது எல்லாக் கடையிலும் சொல்லும் முதல் பதில். அதையும் அதிகாரி எழுதிக்கொள்வார். கேட்ட நேரத்தில் கடையில் இல்லை என்பதே ஒரு குறைபாடுதான்.

இத்தனை இருந்தாலும் கதை மூன்று நோட்டுகளில் முடிந்துவிடும்: யார் இருந்தார், எத்தனை மணி வரை இருந்தார், எவ்வளவு வாங்கினார். அதாவது பெயர், வருகை, சம்பளம். மற்றதெல்லாம் இந்த மூன்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு.

நான் எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன், அப்போது புரியும். எங்கள் கடையில் காலை 10 மணிக்கு வருகை, இரவு 9.30க்கு ஷட்டர். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். அப்படியானால் வேலை பத்தரை மணி நேரம். ஆனால் நோட்டில் எல்லோருக்கும் "வந்தது 10.00, போனது 7.00" என்று எழுதுவேன். சாப்பாட்டு நேரம் கழித்தால் சரியாக எட்டு மணி நேரம், சட்டம் சொல்லும் அளவு. மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதி, எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டு முப்பது கட்டங்களில் கையெழுத்து வாங்குவேன்.

அனுபவமுள்ள அதிகாரிக்கு இந்த நோட்டைத் திறந்தவுடனேயே தெரிந்துவிடும். பன்னிரண்டு பேர் ஒரு மாதம் முழுக்க ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லாமல் வந்து போவது எந்தக் கடையிலும் நடக்காது. ஒரே மை, ஒரே அழுத்தம், ஒருவரின் முப்பது கையெழுத்தும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். விடுமுறை நாளிலும் மறந்துபோய் ஒரு கையெழுத்து விழுந்திருக்கும். ஒருமுறை ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்த தம்பியின் கட்டத்திலும் அந்தப் பத்து நாளுக்குக் கையெழுத்து இருந்தது. அவன் சம்பளத்தில் பத்து நாள் பிடித்திருந்தோம். ஒரே ஆளைப் பற்றி வருகை நோட்டு ஒன்று சொல்ல, சம்பள நோட்டு வேறொன்று சொன்னது.

சம்பளப் பக்கம் இன்னும் மோசம். நோட்டில் 12,480 ரூபாய். வங்கியிலும் அதே தொகை ஏறும். அடுத்த நாள் மேனேஜர் ஒவ்வொருவரிடமும் 2,500 ரூபாயைக் கையில் திருப்பி வாங்குவார். பேப்பரில் எல்லாம் சுத்தம். சம்பளம் ஏறிய அன்றே பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே ஏ.டி.எம்.மில் ஒரே தொகையை எடுத்திருப்பது மட்டும்தான் வெளியே தெரியும் தடயம். அதுவும் கடையின் நோட்டில் இருக்காது, உங்கள் போனுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.ஸில்தான் இருக்கும்.

இந்த நோட்டுகள் சரியில்லை என்றால் மட்டும் அபராதம் பெரிதில்லை. பதிவேடு வைக்காததற்கும் தப்பாக வைத்ததற்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் அதிகபட்சம் 10,000 ரூபாய். குறைத்துக் கொடுத்தால் 50,000 வரை. பதிவேட்டுத் தவறு முதல் தடவை என்றால், வழக்குப் போடும் முன் சரிசெய்துகொள்ள எழுத்தில் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் அதே தவறு மறுபடி நடந்தால் அந்த வாய்ப்புக் கிடையாது. ஆனால் வேறொரு பிரிவு இருக்கிறது, தொழிலாளிக்கு அதுதான் பெரிய பலம். சம்பளம் வரவில்லை, குறைவாக வந்தது என்று ஒருவர் மனுப் போட்டால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. அவர் கையில் இருக்கும் நிரூபணம் இந்த நோட்டுதான். நோட்டு நம்பத்தக்கதல்ல என்று ஆகிவிட்டால் அவரிடம் வேறெதுவும் இல்லை. நோட்டை நம்பத்தகாததாக்க முடிந்தவர்கள் அங்கே வேலை செய்தவர்கள் மட்டும்தான்.

அந்த இரவு நடந்தது

ஆடித் தள்ளுபடி நேரம். ராத்திரி எட்டே முக்கால் இருக்கும். ஒரு அம்மாவும் கூட ஒருவரும் உள்ளே வந்து பில் கவுண்டர் பக்கத்தில் நின்றார்கள். வாடிக்கையாளர் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மா மாடிக்கும் கீழுக்கும் ஒரு நடை நடந்துவிட்டு வந்து அட்டையைக் காட்டினார். பிறகுதான் எனக்குப் புரிந்தது: நோட்டைக் கேட்பதற்கு முன் தலை எண்ணியிருக்கிறார். புடவைப் பிரிவு, ரெடிமேட், ஆல்டரேஷன் ரூம், குடோன் எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது பேர். என் நோட்டில் பன்னிரண்டு பேர்.

"மீதி ஏழு பேர் நேத்துதான் சேர்ந்தாங்க, சீசன் ஆளுங்க" என்றார் முதலாளி. அதிகாரி மறுத்துப் பேசவில்லை. அன்றைய வருகைப் பக்கத்தைத் திறந்தார். பன்னிரண்டு பேருக்கும் "போனது 7.00" என்று கையெழுத்தோடு இருந்தது. அந்த மாதம் ஆய்வு வரும் என்று பேச்சு அடிபட்டதால் நான் அன்றன்றைக்கே எழுதி வைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டவர்கள் அவர் கண்ணெதிரில் புடவை விரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார், நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"வேலை முடிஞ்சதும் அவங்களே துணி எடுக்கணும்னு நின்னாங்க" என்றார் முதலாளி. ஒரு நாளுக்கு அந்தப் பதில் செல்லும். அதனால்தான் அதிகாரி அடுத்து பில் மெஷின் பக்கம் திரும்பினார். எங்கள் கடையில் விற்றவருக்கு இன்சென்டிவ் உண்டு, அதற்காக ஒவ்வொரு பில்லிலும் விற்பனையாளரின் கோடு நம்பர் விழும், நேரமும் விழும். "போன வாரத்து பில்களை ஆள்வாரியாக எடுங்க" என்றார் என்னிடம். எடுத்தேன். புடவைப் பிரிவு அக்காவின் கோடு 9.05, 9.12, 9.22 என்று நாள் தவறாமல் வந்தது. நோட்டின்படி அவர் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போனவர். கடையின் சொந்த மெஷினே கடையின் நோட்டைப் பொய்யாக்கிவிட்டது. நகல் எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பில், சி.சி.டி.வி., லிஃப்ட் கதவின் கை ரேகை மெஷின், குடோனில் சரக்கு இறக்கிய சீட்டு என்று எல்லாக் கடையிலும் நேரம் பதியும் இடம் ஒன்று இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். "எங்க நேரம் பில்லுல விழும் மேடம்" என்ற ஒரு வரி, அரை மணி நேரப் பேச்சைவிடப் பெரிது.

வாக்குமூலம்

ஆல்டரேஷன் ரூமைக் காலி செய்யச் சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலாளி உள்ளே வரப் பார்த்தார், வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். தொழிலாளியைத் தனியாக விசாரிப்பது ஆய்வாளரின் அதிகாரம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கையில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியா அதை 1949இல் ஏற்றுக்கொண்டது. மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் "தனியா சொல்றேன்" என்று நீங்களும் கேட்கலாம். சத்தமாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அவர் போகும்போது போன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

கேட்பது சிக்கலான கேள்விகள் அல்ல. பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், எப்போது சேர்ந்தீர்கள், என்ன வேலை, எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எப்போது போகிறீர்கள், வார லீவு எந்த நாள், சம்பளம் எவ்வளவு, கையிலா வங்கியிலா, சம்பளச் சீட்டுக் கொடுக்கிறார்களா. இதில் புதியவர்கள் செய்யும் தப்பு எல்லோருக்காகவும் பேசுவது. "இங்க எல்லாரையும் பிழியறாங்க சார்" என்பது ஆத்திரம். அதில் உண்மை இருந்தாலும் எழுதிக்கொள்ள எதுவும் இல்லை. "நான் போன மார்ச் பத்தாம் தேதி சேர்ந்தேன். தினம் பத்து மணிக்கு வருவேன், ஒன்பதரைக்குப் போவேன். செவ்வாய்க்கிழமை லீவு, போன மாதம் இரண்டு செவ்வாய் வரச் சொன்னார்கள்" என்பது சாட்சியம். உங்கள் கண் பார்த்தது, உங்கள் கை வாங்கியது, உங்கள் கால் நின்றது. அதற்கு மேல் போக வேண்டாம். சரியாகத் தெரியாத தேதியைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பின்னால் குறுக்கு விசாரணையில் ஒரு தப்பான தேதியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய் என்பார்கள்.

எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ் படிக்கத் தெரியாத பீகார், ஒடிசாப் பிள்ளைகள் இப்போது எம்.சி. ரோட்டிலும் சவுகார்பேட்டையிலும் நிறைய. அவர்கள் படித்துக் காட்டச் சொல்லலாம், மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அந்த ஒருவர் முதலாளியின் சூப்பர்வைசராக இல்லாமல் இருப்பது முக்கியம்.

அன்றைக்கு நான்கு பேர் உள்ளதைச் சொன்னார்கள். ஐந்தாவதாகப் போன தம்பி பத்து மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போவதாகச் சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கடையின் மாடியிலிருந்த விடுதியில்தான் தங்கியிருந்தான், சாப்பாடும் அங்கேதான். உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரி எங்கே படுப்பான்? ஆனால் அவன் கோடு நம்பர் விழுந்த 9.05 மணி பில்லும் அந்த நகல்களில் இருந்தது. அவன் வாக்குமூலம் முதலாளிக்கும் உதவவில்லை, அவனுக்கும் உதவவில்லை. பின்னால் பாக்கி கேட்கும்போது அவனுடைய கையெழுத்தே அவனுக்குக் குறுக்கே நின்றது. சொல்ல முடியாத நிலையில் இருப்பவர் பொய் சொல்வதைவிட, "இப்ப வேண்டாம், ஆபீசுக்கு வந்து சொல்றேன்" என்பது எவ்வளவோ மேல்.

என்னையும் கேட்டார்: "இதை எழுதியது யார்?" தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று சட்டத்தில் இருக்கிறது. கணக்கு எழுதும் தம்பி தங்கைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நான் பதில் சொன்னேன். முதலாளி சொல்லி நான் எழுதினேன் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை அதோடு போயிற்று.

அதற்கப்புறம் கணக்கு

அதிகாரியின் வருகையால் அன்றைக்கே காசு கைக்கு வராது. விளக்கம் கேட்கும் உத்தரவு, அதற்கு முதலாளியின் பதில், பிறகு பாக்கித் தொகைக்கான மனு என்று அது நடக்கும். மனுவைத் தொழிலாளியே போடலாம், அவர் சேர்ந்த சங்கம் போடலாம், ஆய்வாளரும் போடலாம். பல பேருக்குச் சேர்த்து ஒரே மனு போதும். இப்போதைய சட்டத்தில் பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கேட்கலாம். எங்கள் வழக்கு நடந்தபோது பழைய சட்டம், ஓராண்டுதான் கெடு.

புடவைப் பிரிவு அக்காவின் கணக்கை நானே போட்டேன். மாதம் 12,480 என்றால் 26 நாளுக்கு வகுத்து நாளுக்கு 480; எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு, அதாவது 120. ஏழு மணிக்கு மேல் தினமும் இரண்டரை மணி நேரம், நாளுக்கு 300 ரூபாய். (இந்த 480 எங்கள் கடையின் அன்றைய கூலி. கடைகளுக்கு அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச ஊதியம் தனி. அதன் அகவிலைப்படி ஏப்ரல் 1 தோறும் மாறும், உங்கள் ஆண்டுக்கு உரியதைப் பார்த்துப் போடுங்கள்.)

இரட்டிப்புக் கொடுத்துவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு. கடைகள் சட்டத்தில் ஓ.டி. சேர்த்தே நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி என்பது எல்லை. நாங்கள் ஆறு நாளில் 63 மணி நின்றோம். நின்றோம் என்பது நிஜமாகவே நின்றதுதான். உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல்தான் இந்தச் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தார்கள். இப்போது ஆய்வுக்கு வருபவர்கள் ஸ்டூல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்.

அக்காவுக்குப் பதினோரு மாதத்துக் கணக்கு நின்றது. அதற்குக் காரணம் ஒரு தினசரி காலண்டர். வீட்டில் தேதித் தாளைக் கிழிக்கும்போது அதன் பின்பக்கத்தில் முந்தின நாள் கடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று எழுதி, கம்பியில் குத்தி வைத்திருந்தார். அன்றன்றைக்கு எழுதியது, மை வேறு வேறு, லீவு போட்ட நாளில் "வரல" என்று எழுதியிருந்தார். தனக்குப் பாதகமான நாளையும் எழுதியிருந்ததால்தான் அந்தத் தாள்கள் நம்பப்பட்டன. லீவு போக 268 நாள். நாளுக்கு 300 வீதம் 80,400 ரூபாய்.

மற்ற மூன்று பேரிடம் எந்தக் குறிப்பும் இல்லை, பில்தான் ஆதாரம். பில் மெஷினை மாற்றி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, பழையதில் ஆள்வாரிக் கணக்கு இல்லை. நான்கு மாதம், 104 நாள், ஆளுக்கு 31,200. அதே கடை, அதே ஷட்டர், அதே ஒன்பதரை மணி. ஒரு கம்பியில் குத்திய காகிதம்தான் வித்தியாசம்.

திருப்பி வாங்கிய 2,500 ரூபாய் கிடைத்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. கையில் கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட முடியவில்லை. ஏ.டி.எம். எஸ்.எம்.எஸ். பணம் எடுத்ததைக் காட்டுமே தவிர, யாரிடம் போனது என்பதைக் காட்டாது. ஒரே ஒரு மாதம் அக்கா கையில் காசில்லாமல் மேனேஜர் நம்பருக்கு ஜீபே செய்திருந்தார். அந்த ஒரு மாதத்து 2,500 மட்டும் வந்தது.

சொன்னதற்காக வேலையை விட்டு அனுப்பினால்

இந்தப் பயம் நியாயமானது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மனுவைக் கொடுத்தது யார் என்பதை ஆய்வாளர் முதலாளியிடம் சொல்லக்கூடாது, மனு வந்ததால்தான் வந்தேன் என்றும் சொல்லக்கூடாது. அதே 81ஆம் உடன்படிக்கையில் இதுவும் இருக்கிறது. ஆனால் மூன்று பேர் இருக்கும் கடையில் யார் என்று முதலாளி ஊகித்துவிடுவார். அதனால் முடிந்தவரை சங்கத்தின் பெயரில் மனுக் கொடுங்கள். மனுவில் கடையின் சரியான முகவரியோடு, எந்த நேரத்தில் வந்தால் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் எழுதுங்கள். பகல் பதினொன்றரைக்கு வந்து பார்க்கும் அதிகாரிக்கு இரவு ஒன்பதரை தெரியாது. மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் உதவி மைய எண் 1100க்குச் சொன்னால் பதிவு எண் வரும், அதையும் குறித்து வையுங்கள்.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீசோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்கக்கூடாது என்று கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. நீக்கினால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொல்வார்கள், தாள் எதுவும் தர மாட்டார்கள்; இரண்டு மாதம் கழித்து "அவனே வரல" என்பார்கள். அப்படிச் சொன்ன அன்றைக்கே "நான் வேலைக்கு வரத் தயார், என்னை வேண்டாம் என்று அனுப்பினீர்கள்" என்று முதலாளிக்குச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட் போட்டுவிடுங்கள், ஒரு நகலை லேபர் ஆபீசுக்கும். நீக்கப்பட்டவரின் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். அதை வாங்கும்போது "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். வாங்கிய தொகையை உங்கள் கையால் எண்ணிலும் எழுத்திலும் எழுதி, "ஓ.டி. பாக்கி நீங்கலாக" என்று சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தத் தம்பி விடுதியைக் காலி செய்துகொண்டு வந்து, ஆறு வாரம் கழித்துச் சங்க அலுவலகத்தில் புதிதாக வாக்குமூலம் எழுதிக் கொடுத்தான். முதலில் மாற்றிச் சொன்னது ஏன் என்பதையும் அதிலேயே எழுதச் சொன்னேன்: கடை விடுதியில் இருந்தேன், பயந்தேன் என்று. விசாரணையில் முதலாளியின் வக்கீல் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். பதில் ஏற்கெனவே தாளில் இருந்தது. அவனுக்கும் 31,200 வந்தது, மற்றவர்களுக்கு நான்கு மாதம் பிந்தி.